காசிமேட்டுப் பூனையின் நாக்கு: இனிப்பிழப்பும் மீன் விருப்பமும்

ராயபுரத்தை ஒட்டிய காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் சூரை வெட்டும் இடத்தைப் பூனைகள் விட்டு அகலுவதில்லை. இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் ஒன்று உண்டு: பூனைக்கு இனிப்பு தெரியாது, அதனால் மீனைத் தேடுகிறது. இனிப்பு தெரியாது என்பது நிறுவப்பட்ட உண்மை. அதையே மீன் விருப்பத்திற்குக் காரணமாக்குவதுதான் பிழை என்பது இக்கட்டுரையின் வாதம்.

பாலூட்டிகளின் நாவில் இனிப்பை அறியும் ஏற்பி இரு புரதங்கள் இணைந்தது. டி1ஆர்2, டி1ஆர்3 என்பன அவற்றின் பெயர்கள். 2005இல் பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையத்தினர் பூனையின் மரபணுக்களை ஆராய்ந்தபோது, டி1ஆர்3 செம்மையாக இருந்தது; டி1ஆர்2 புரதத்திற்கான மரபணுவிலோ 247 எழுத்துகள் விடுபட்டிருந்தன. அந்த விடுபடலால் அடுத்துள்ள எழுத்துகளின் வாசிப்பு முறையே பிசகி, இடையில் நிறுத்தக் குறி வந்துவிடுகிறது. புரதம் உருவாவதில்லை, துணையில்லாத டி1ஆர்3 மட்டும் சர்க்கரையை உணராது. புலியிடமும் சிவிங்கிப்புலியிடமும்கூட இதே விடுபடல் இருப்பதால், இது பூனைக் குடும்பத்தின் பொது மூதாதையிடமே நேர்ந்திருக்க வேண்டும். வண்டலூரில் இருக்கும் புலியும் காசிமேட்டுப் பூனையும் இந்த வகையில் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

எங்கள் வீட்டுப் பூனை பாயசம் குடிக்கிறதே என்று கேட்போர் உண்டு. பாயசத்தில் சர்க்கரை மட்டுமா இருக்கிறது? பாலின் கொழுப்பும் புரதமும் நெய்யும் இருக்கின்றன. 1977இல் கேரி பூஷாம்பும் உடன் ஆய்ந்தோரும் வீட்டுப் பூனைகளையும் பெரும்பூனைகளையும் சோதித்தபோது, அவை சர்க்கரையைப் பொருட்படுத்தவில்லை. கொழுப்புக் குழம்பையும் சிதைத்த புரதத்தையும் விரும்பின. ஐயமுள்ளவர் வீட்டிலேயே பார்க்கலாம். ஒரே பாலை இரு கிண்ணங்களில் சம அளவு ஊற்றி, ஒன்றில் மட்டும் சிறிது சர்க்கரை கலந்து வைக்க வேண்டும். மறுமுறை கிண்ணங்களை இடம் வலமாக மாற்ற வேண்டும், ஏனெனில் பல பூனைகள் சுவையைவிடப் பழகிய பக்கத்தையே நாடும். இந்த மாற்றத்தைச் செய்யாத சோதனையின் முடிவை நம்ப இயலாது.

மீன் விருப்பத்திற்கு விடை வேறோர் ஏற்பியில் இருக்கிறது. எஞ்சிய டி1ஆர்3, டி1ஆர்1 என்னும் மற்றொரு புரதத்தோடு சேர்ந்து உமாமி என்ற ஊன்சுவையை அறிகிறது. 2023இல் பிரிட்டனின் வால்தம் ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்காட் மெக்ரேனும் குழுவினரும் பூனையின் இந்த ஏற்பி மனிதனுடையதிலிருந்து மாறுபடுவதைக் காட்டினர். நமக்கு உமாமியைத் தூண்டுவது முதன்மையாக குளூட்டமேட். பூனையின் ஏற்பியில் அது ஒட்டுமிடம் மாறிப்போயிருக்கிறது. அங்கே இனோசின் மோனோபாஸ்பேட் போன்ற நியூக்ளியோடைடுகள் ஏற்பியைத் தூண்டுகின்றன. அமினோ அமிலங்கள் அந்தத் தூண்டலைப் பெருக்குகின்றன. 25 பூனைகளுக்குக் கிண்ணத் தேர்வு வைத்ததில், ஹிஸ்டிடினும் இனோசின் மோனோபாஸ்பேட்டும் சேர்ந்த நீர் பெரிதும் ஈர்த்தது. இவை இரண்டும் நிறைந்த மீன் சூரை.

இனி காசிமேட்டு மீன் ஏலக் களத்திற்கு வருவோம். உயிருள்ள மீனின் தசையில் ஆற்றல் சேமிப்பாக இருப்பது ஏடிபி. மீன் இறந்ததும் அது படிப்படியாகச் சிதைந்து இனோசின் மோனோபாஸ்பேட் ஆகிறது. சில மணி நேரத்தில் அதன் அளவு உயரும். பிறகு அதுவும் சிதைந்து இனோசினாகவும், கசப்புடைய ஹைப்போசாந்தினாகவும் மாறும். ஐஸ் இந்த இரண்டாம் கட்டத்தைத் தாமதப்படுத்துகிறது. வாங்குபவர் செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பார்க்கிறார். மீன்தர ஆய்வகம் இந்தச் சிதைபொருள்களின் விகிதத்தை அளந்து மீனின் புதுமையைக் கணிக்கிறது. பூனையின் நாக்கு அளப்பதும் ஏறக்குறைய அதே பொருளைத்தான். வெயிலில் கிடந்த சூரையில் இன்னொரு மாற்றமும் நேரும்: பாக்டீரியாக்கள் ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். மனிதருக்குத் தடிப்பும் தலைவலியும் தருவது அதுவே. பூனை மோப்பத்தை முதலில் நம்பும் விலங்கு என்பதால், நாக்கு வைக்கும் முன்பே விலகவும் கூடும்.

ஊனுண்ணியானதால் இனிப்பு போயிற்றா, இனிப்பு போனதால் ஊனுண்ணியானதா என்பதை மரபணு மட்டும் தீர்க்காது. 2012இல் கடற்சிங்கம், புள்ளிக் கழுதைப்புலி உள்ளிட்ட வேறு சில ஊனுண்ணிகளிலும் இதே மரபணு தனித்தனிப் பிழைகளால் செயலிழந்திருப்பது தெரியவந்தது. ஒரே பிழை பரம்பரையாக வரவில்லை. பயன்படாத கருவி வெவ்வேறு இடங்களில் தனித்தனியே பழுதாகியிருக்கிறது. எனவே முதலில் உணவு மாறியது, பிறகு இனிப்பு தேவையற்றுப் போனது என்று கொள்வதே பொருத்தம்.

வீட்டுப் பூனையின் மூதாதை மேற்கு ஆசியாவின் வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. எலியும் பறவையும்தான் அதன் இரை. கடலை அது தேடிச் சென்றதில்லை. அந்த இரைகளின் தசையிலும் இனோசின் மோனோபாஸ்பேட் உருவாகிறது, ஹிஸ்டிடின் இருக்கிறது. எலிக்காக அமைந்த நாக்குக்குச் சூரை பொருந்திப்போனது; காசிமேட்டில் நாம் காணும் மீன் வேட்கை ஒரு துணைவிளைவு.