செக் பவுன்ஸ் வழக்கு: சாட்சி சொன்னதை ஆவணத்தோடு ஒப்பிடுவது எப்படி? குறுக்கு விசாரணைக்கு முன் வக்கீல் ஆபீஸில் நடக்கும் வேலை

சினிமாவில் வரும் குறுக்கு விசாரணையில் வக்கீல் ஒரே கேள்வியில் சாட்சியை மடக்கிவிடுவார். நிஜத்தில் அந்தக் கேள்விக்கான வேலை சில நாட்களுக்கு முன்பே ஆபீஸ் மேஜையில் முடிந்திருக்கும். சாட்சியின் வாக்குமூலத்தை வரிவரியாகப் பிரித்து, அதில் எதையெல்லாம் ஒரு காகிதத்தை வைத்துச் சரிபார்க்க முடியும் என்று பட்டியல் போடுவதுதான் அந்த வேலை. பலருக்கும் தெரிந்த செக் பவுன்ஸ் வழக்கை வைத்தே இதைப் பார்ப்போம்.

செலாவணி முறிச்சட்டம் 138-வது பிரிவு வழக்கில், புகார் கொடுத்தவர் தன் முதல் விசாரணையைக் கூண்டில் ஏறி வாயால் சொல்ல வேண்டியதில்லை. எழுத்து மூலம் நிரூபண வாக்குமூலம் தாக்கல் செய்தால் போதும். 145-வது பிரிவு இதற்கு அனுமதி தருகிறது. எதிரி தரப்பு மனு கொடுத்தால், அவரைக் கூண்டுக்கு அழைத்துக் குறுக்கு விசாரணை செய்யலாம். அதாவது, சாட்சி என்ன சொல்கிறார் என்பது எதிர்த்தரப்பு வக்கீல் கையில் முன்கூட்டியே எழுத்தில் இருக்கும்.

ஒரு கற்பனை வாக்குமூலம்

புகார்தாரர் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "எதிரி எனக்குப் பத்து வருட நண்பர், நேர்மையானவர் என்று நம்பினேன். குடும்பச் செலவுக்காக 5 லட்சம் ரூபாய் கைமாத்தாகக் கேட்டார். 12.03.2022 அன்று வங்கிக்குப் போய் என் கணக்கிலிருந்து பணம் எடுத்து, ரொக்கமாகக் கொடுத்தேன். 20.01.2023 அன்று என் முன்னிலையில் செக்கைப் பூர்த்தி செய்து கையெழுத்திட்டுக் கொடுத்தார். 24.01.2023 அன்று போதிய பணம் இல்லை என்று செக் திரும்பியது. 10.02.2023 அன்று நோட்டீஸ் அனுப்பினேன். 13.02.2023 அன்று பெற்றுக்கொண்டு பதில் தரவில்லை."

படிக்கும்போது ஒரே கதையாகத் தெரியும். ஆனால் இதில் பத்துக்கும் மேற்பட்ட தனித்தனித் தகவல்கள் இருக்கின்றன. "வங்கிக்குப் போய் என் கணக்கிலிருந்து பணம் எடுத்து, ரொக்கமாகக் கொடுத்தேன்" என்ற துண்டிலேயே நான்கு: வங்கிக்குப் போனது, அவருடைய கணக்கு, பணம் எடுத்தது, ரொக்கமாகக் கொடுத்தது. ஒவ்வொன்றையும் தனி வரியாக எழுத வேண்டும். பக்கத்தில் வாக்குமூலத்தின் பத்தி எண், சரிபார்க்க உதவும் ஆவணம், அது இப்போது யாரிடம் இருக்கிறது என்ற மூன்றையும் குறிக்க வேண்டும்.

"நேர்மையானவர் என்று நம்பினேன்" என்பதை எந்த ஆவணத்தாலும் சோதிக்க முடியாது. அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். பத்து வருட நட்பும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

சுருக்கும்போது நடக்கும் தப்பு

ஜூனியர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது. "வங்கிக்குப் போய் என் கணக்கிலிருந்து எடுத்து" என்பதை "கையிலிருந்த பணத்தைக் கொடுத்ததாகச் சொல்கிறார்" என்று சுருக்கிவிட்டால், சோதிக்க வேண்டிய விஷயமே காணாமல் போய்விடும். அதனால் சாட்சியின் சொற்களை அப்படியே எடுத்து எழுத வேண்டும். தேதி, தொகை, இடம், யார் செய்தார் என்பவற்றைத் தொடவே கூடாது.

இப்போது அந்த ஒரு வரியைச் சோதிப்போம். முதல் ஆவணம் காலண்டர். 12.03.2022 சனிக்கிழமை, அதுவும் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை. 2015 செப்டம்பர் முதல் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் வங்கிகளுக்கு விடுமுறை. அப்படியென்றால் வங்கிக்குப் போய் 5 லட்சம் எடுத்தது எப்படி?

இதை மட்டும் வைத்து சாட்சி பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டக் கூடாது. ஏடிஎம்மில் எடுத்தேன், முந்தின நாள் எடுத்தேன், தேதியைத் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று அவர் சொல்ல இடம் இருக்கிறது. அதனால் இரண்டாவது ஆவணமாக அவருடைய வங்கிக் கணக்கு அறிக்கை தேவை. 2022 பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதத்துக்கும் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் அவ்வளவு பெரிய தொகை வெளியே போகவே இல்லை என்றால், விடுமுறைக் கேள்விக்கு உண்மையான வலு கிடைக்கும். போயிருந்தால் அந்தக் கேள்வியைக் கைவிடுவதே புத்திசாலித்தனம்.

அந்த அறிக்கை புகார்தாரரிடமோ அவருடைய வங்கியிடமோதான் இருக்கும். அதை வரவழைக்க பிஎன்எஸ்எஸ் 94-வது பிரிவில் நீதிமன்றத்தில் மனு போடலாம். "ஆவணம் யாரிடம் இருக்கிறது" என்ற குறிப்பு பட்டியலில் எதற்கு என்றால் இதற்குத்தான். விசாரணை நாளன்று காலையில் தேடினால் கிடைக்காது.

செக் எண்ணும் பேசும்

"20.01.2023 அன்று பூர்த்தி செய்து கொடுத்தார்" என்பதைச் சோதிக்கும் ஆவணம் எதிரியிடமே இருக்கிறது. அவருடைய கணக்கு அறிக்கையில், வழக்கில் உள்ள செக்கின் எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள எண்கள் எப்போது பாஸ் ஆகியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். அவையெல்லாம் 2019-லேயே முடிந்து, நடுவில் இருந்த இந்த ஒரு தாள் மட்டும் 2023-ல் வந்திருந்தால், பழைய பரிவர்த்தனைக்கு வெற்று செக்காகக் கொடுத்தது என்ற எதிரியின் வாதத்துக்குப் பிடி கிடைக்கும்.

அடுத்தது நோட்டீஸ். செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்ததிலிருந்து 15 நாள் அவகாசம் தர வேண்டும். நம் உதாரணத்தில் தேதிகள் சரியாகவே இருக்கின்றன. அதையும் பட்டியலில் "சாட்சிக்குச் சாதகம்" என்று எழுதித்தான் ஆக வேண்டும். சாதகமான வரிகளை மறைத்த பட்டியல் கூண்டின் முன்னால் வக்கீலையே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் நோட்டீஸின் உள்ளடக்கத்தைப் படிக்க மறக்கக் கூடாது. அதில் "வியாபாரத்துக்காக" கடன் கொடுத்ததாக இருந்து, வாக்குமூலத்தில் "குடும்பச் செலவுக்காக" என்று இருந்தால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். சாட்சியின் முந்தைய எழுத்தை வைத்தே அவரை மறுக்க சாட்சியச் சட்டத்தில் வழி இருக்கிறது. முன்பு அது 145-வது பிரிவு, புதிய பாரதிய சாக்ஷிய அதிநியமில் 148. அந்த எழுத்தை வைத்து மறுப்பதற்கு முன், குறிப்பிட்ட பகுதியை அவர் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது விதி.

எழுதாமல் விட்டதையும் குறிக்கணும்

5 லட்சம் கொடுத்தும் புரோநோட் இல்லை, வட்டி பற்றிப் பேச்சில்லை, பக்கத்தில் யாரும் இருந்ததாகவும் சொல்லவில்லை. இவற்றுக்குத் தனியாக ஒரு பகுதி ஒதுக்கலாம். வருமான வரிக் கணக்கையும் இங்கே சேர்ப்பார்கள். கடன் கொடுக்கும் அளவுக்குப் பண வசதி இருந்ததா என்று எதிரி கேள்வி எழுப்பலாம் என்பதை பசலிங்கப்பா வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

அதே நேரம், 20,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கடன் கொடுத்தது வருமான வரிச் சட்டத்துக்கு எதிரானது என்ற ஒரே காரணத்தால் 138 வழக்கு விழுந்துவிடாது. 2025 செப்டம்பரில் சஞ்சபிஜ் தாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லிவிட்டது. பழைய குறிப்பேட்டைப் பார்த்துக் கேள்வி தயாரிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எதை முதலில் கேட்பது?

பட்டியல் முடிந்ததும் ஆவணம் கையில் இருக்கும் வரிகளைத் தனியாகப் பிரிக்கிறார்கள். ஆவணம் வராத வரிகள் கேள்வியாக மாறுவதில்லை. கேட்கும்போதும் காகிதத்தை உடனே நீட்டுவது கிடையாது. "அன்றைக்குத்தான் எடுத்தீர்களா? வங்கிக்கு நேரில் போனீர்களா? வேறு எங்கிருந்தும் பணம் சேர்க்கவில்லையா?" என்று ஒவ்வொரு வழியாக அடைத்த பிறகுதான் கணக்கு அறிக்கை வெளியே வரும். முதலிலேயே காட்டிவிட்டால் "வீட்டில் கொஞ்சம் இருந்தது, மச்சானிடம் கொஞ்சம் வாங்கினேன்" என்று பதில் வந்துவிடும்.

செக்கில் உள்ள கையெழுத்தை எதிரி ஒப்புக்கொண்டால், அது கடனுக்காகத்தான் கொடுக்கப்பட்டது என்று நீதிமன்றம் முதலில் அனுமானித்துக்கொள்ளும். 139-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. எதிரி அதைச் சந்தேகத்துக்கு இடமின்றி உடைக்க வேண்டியதில்லை, தன் தரப்பு நம்பத்தக்கது என்று காட்டினால் போதும். நம் உதாரணத்தில் பட்டியலின் மேலே வரவேண்டியவை இரண்டுதான்: கணக்கு அறிக்கையில் இல்லாத 5 லட்சம், 2019 வரிசையில் இருந்து வந்த செக் தாள். "வியாபாரம்", "குடும்பச் செலவு" முரண்பாடு அதற்குக் கீழேதான் வரும்.