மணலோடு வந்த தண்ணீர்

எம்-சாண்ட் ஆலையில் நொறுக்கிய கல்லைத் தண்ணீர் விட்டு அலசுகிறார்கள். தூசி போவதற்காக ஊற்றும் அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி அங்கேயே வடிந்துவிடும். மீதி மணலோடு லாரி ஏறும். வழியெல்லாம் பின்கதவு இடுக்கில் சொட்டிக்கொண்டே வந்தாலும், கட்டுமான இடத்தில் குவியலாகக் கொட்டும்போது மணலின் எடையில் நூற்றுக்கு ஐந்தாறு பங்கு தண்ணீர்தான். இந்தத் தண்ணீருக்கு ரசீது கிடையாது, மிக்சரில் ஊற்றும்போது யாரும் இதை அளப்பதும் கிடையாது. ஆனால் கான்கிரீட்டின் வலிமையில் கால் பங்கைத் தின்றுவிட இதனால் முடியும்.

இதைக் கண்டுபிடிக்கும் சோதனை மண் ஆய்வுக்கூடத்தில் முதல் நாளே கற்பிக்கப்படுவது. டப்பாவின் எடை M1, ஈர மணலோடு M2. 105 முதல் 110 டிகிரி செல்சியஸ் அடுப்பில் ஒரு நாள் உலர்த்திய பிறகு M3.

w = (M2 − M3) / (M3 − M1) × 100

டப்பா 40 கிராம், ஈர மணலோடு 570, உலர்ந்த பின் 540 என்றால் போன தண்ணீர் 30, உலர் மணல் 500. ஈரம் 6 விழுக்காடு. இங்கே வகுப்பது உலர்ந்த எடையால், ஈர எடையால் அல்ல. அதனால்தான் மெக்சிகோ நகரத்தின் களிமண்ணுக்கு ஈரம் 300 விழுக்காட்டையும் தாண்டுகிறது என்று எழுத முடிகிறது. அடுப்புக்கு நேரமில்லாதபோது சைட்டில் கால்சியம் கார்பைடு மீட்டரைக் குலுக்கிப் பார்ப்பார்கள். அது ஈர எடைக்கான விழுக்காட்டைக் காட்டும். மேலே சொன்ன மணலுக்கு அதில் 5.66 வரும். 5.66-ஐ 94.34-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால்தான் பழைய 6 திரும்பக் கிடைக்கும். மாதிரியை எங்கே எடுக்கிறோம் என்பது இதைவிட முக்கியம். வெயில் பட்ட மேல்தோலில் ஒரு கை அள்ளினால் 2 வரும், அடியில் தோண்டி அள்ளினால் 8 வரும். இரண்டுமே ஒரே குவியல்தான்.

ஈரம் மணலை உப்ப வைக்கும். மணல்துகள்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்தில் தண்ணீர் எவ்வளவு என்பதற்கு மண் இயக்கவியலில் ஒரு சமன்பாடு உண்டு:

S × e = w × G

e வெற்றிட விகிதம், G துகளின் ஒப்படர்த்தி, S நிறைவுநிலை. G 2.65, e 0.70 என்று வைத்தால் 6 விழுக்காடு ஈரத்தில் S 0.23 தான். முக்கால் பங்குக்கு மேல் காற்று. துகள்கள் தொடும் இடங்களில் மட்டும் மெல்லிய தண்ணீர்ப் படலம் வளைந்து நிற்கிறது. அதன் இழுவிசை துகள்களை நெருங்கிப் படிய விடாமல் பிடித்துக்கொள்கிறது. இதே ஈரம் 26 விழுக்காட்டை எட்டினால் வெற்றிடம் முழுக்க நிரம்பி, படலமும் அதன் பிடியும் மறைந்துவிடும். ஈர மணலில் வெட்டிய குழியின் சுவர் காலையில் செங்குத்தாக நிற்பதும் மதியம் காய்ந்ததும் சரிவதும் இந்தப் பிடியால்தான். அதை நம்பிக் குழிக்குள் ஆளை இறக்குவது கொலைக்குச் சமம்.

பெட்டியால் அளந்து போடும் இடங்களில் இந்த உப்பல்தான் முதல் திருடன். பார்ப்பது எளிது. அளவு உருளையில் 200 மில்லி குறிவரை ஈர மணலைத் தளர்வாக நிரப்பி, வேறு பாத்திரத்தில் கொட்டிவிட்டு, உருளையில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, மணலைத் திரும்பப் போட்டுக் கிளறி அடங்கவிட வேண்டும். மணல்மட்டம் 160-இல் நின்றால் 200/160 − 1, அதாவது 25 விழுக்காடு உப்பல். பெட்டிக்கு ஐந்தில் ஒரு பங்கு மணல் குறைகிறது என்று பொருள். அந்தக் கான்கிரீட்டில் ஜல்லி தனியாகத் துருத்தும், பலகை பிரித்தால் தேன்கூடு தெரியும்.

எடையால் அளந்தால் உப்பல் தொல்லை போய்விடும், தண்ணீர் போகாது. ஒரு எம்25 கலவையை எடுத்துக்கொள்வோம். ஒரு கனமீட்டருக்கு சிமெண்ட் 360 கிலோ, தண்ணீர் 180, மணல் 700, ஜல்லி 1160. நீர்-சிமெண்ட் விகிதம் 0.50. இதில் 700 கிலோ என்பது அடுப்பில் காய்ந்த மணல் அல்ல, சைட்டில் கிடக்கும் ஈர மணலும் அல்ல. துகளின் உள்ளே குடிக்க வேண்டிய அளவைக் குடித்து, மேற்பரப்பு மட்டும் காய்ந்த மணல். உள்ளே போன தண்ணீர் சிமெண்டைத் தொடாது, கணக்கில் சேராது. இந்த மணல் உள்ளே குடிப்பது 1 விழுக்காடு என்றால் உலர் எடை 693, அதன் 6 விழுக்காடு ஈரத்தையும் சேர்த்தால் 735. ஆகவே 735 கிலோ ஈர மணலை நிறுத்துப் போட்டு, குழாயிலிருந்து 145 லிட்டர் மட்டுமே விட வேண்டும்.

திருத்தாமல் 700 கிலோ ஈர மணலும் 180 லிட்டர் தண்ணீரும் போட்டால்? மணலின் உலர் எடை 660, உள்ளே குடித்ததோடு 667. மிச்சம் 33 கிலோ தண்ணீர். மொத்தம் 213 லிட்டர், விகிதம் 0.59. ஜல்லியின் ஈரத்தை நான் விட்டுவிட்டேன். மழைக்காலத்தில் அதையும் விடக் கூடாது.

1918-இல் சிகாகோவின் லூயிஸ் இன்ஸ்டிட்யூட்டில் டஃப் ஆப்ரம்ஸ் இந்த விகிதத்தை வலிமையோடு கோத்தார்:

S = 14000 / 7^x

இங்கே S வலிமை, x கன அளவில் தண்ணீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள விகிதம். எடை விகிதத்தைச் சுமார் 1.5-ஆல் பெருக்கினால் அது வரும். 14000 அவர் காலத்து சிமெண்டுக்கான எண், நமக்கு உதவாது. இரண்டு விகிதங்களை ஒப்பிட மட்டும் இதைத் தோராயமாக நம்பலாம். 0.50-லிருந்து 0.59-க்குப் போனால் வலிமை சுமார் 0.765 மடங்காகிறது. காரணமும் தெரிந்ததே. சிமெண்ட் முழுக்க நீரேறி முடிய அதன் எடையில் ஏறக்குறைய 0.42 பங்கு போதும். இங்கே அது 151 லிட்டர். சரியான கலவையில் மிஞ்சுவது 29 லிட்டர், திருத்தாததில் 62. மிஞ்சியது ஆவியாகிப் போன இடமெல்லாம் நுண்துளை.

ஸ்லம்ப் கூம்பு இதைக் காட்டிக்கொடுக்கும். 33 லிட்டர் கூடினால் கூம்பைத் தூக்கியதுமே கலவை தட்டில் பரவிப் படுத்துவிடும். அனுபவமுள்ள மிக்சர்காரர் சலசலப்பைக் கேட்டே குழாயை அடைப்பார். அவர் கை பல சமயம் காகிதத்தைவிட நம்பகமானது. ஆனால் அவர் தண்ணீரை மட்டும்தான் குறைப்பார், குறைந்த மணலைக் கூட்ட மாட்டார்.

இப்போது கனசதுரம். 150 மில்லிமீட்டர் அச்சில் மூன்று அடுக்கு, அடுக்குக்கு 35 குத்து, மறுநாள் பிரித்துத் தண்ணீர்த்தொட்டி, 28-ஆம் நாள் எந்திரம். எம்25-க்கு நாம் குறிவைத்த சராசரி 25 + 1.65 × 4, அதாவது 31.6. பரப்பு 22500 சதுர மில்லிமீட்டர் என்பதால் 711 கிலோநியூட்டனில் உடைய வேண்டும். நம் ஈரக் கலவை 544-இலேயே உடையும். வலிமை 24.2.

இது தேறுமா? ஐஎஸ் 456 இரண்டு கேள்வி கேட்கிறது. மூன்று கனசதுரங்களின் சராசரியான ஒரு மாதிரி 25 − 3, அதாவது 22-க்குக் கீழே போகக் கூடாது. அடுத்தடுத்த நான்கு மாதிரிகளின் சராசரி 28.3-க்குக் குறையக் கூடாது. 24.2 முதல் கேள்வியைத் தாண்டிவிடும். நான்கு நாளும் ஈரக் குவியலிலேயே அள்ளியிருந்தால் இரண்டாவதில் மாட்டும். ஆனால் மற்ற மூன்று நாள் மணல் சரியாகத் திருத்தப்பட்டு 31.6 வந்திருந்தால், நான்கின் சராசரி 29.75. தளம் தேறிவிடும், அந்த ஒரு நாள் கான்கிரீட்டும் அதோடு சேர்ந்தே.