ஜெல் பூச்சும் ஒட்டு நகமும்: நகம் கெடுவது பூசும்போதா, கழற்றும்போதா?

திருமண வீடுகளிலும் பெருநாள் நாட்களிலும் எமது பெண்களின் கைகளில் மருதோன்றியோடு இப்போது ஜெல் பூச்சும் ஒட்டு நகமும் சேர்ந்துவிட்டன. இரண்டுக்குமிடையே அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. மருதோன்றி நகத்தினுள் ஊறிச் சாயம் ஏற்றுகிறது. அதன் மேல் படலமாக நிற்பதில்லை. ஜெல் பூச்சும் ஒட்டு நகமும் நகத்தின் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடியாக இருக்கின்றன. நீர் நகத்தைத் தொடாதென்பதால், வுழூவுக்கும் குளிப்புக்கும் முன்னர் அவற்றைக் கழற்றியாக வேண்டும். வெளியுலகில் இரண்டு மூன்று வாரங்கள் வைத்திருப்பதற்கென்று தயாரிக்கப்பட்ட ஒன்றை எமது பெண்கள் இரண்டு மூன்று நாட்களில், அதுவும் தொழுகை நேரத்தை நினைத்து அவசரமாக, கழற்றுகிறார்கள். நகத்துக்கு ஏற்படும் பாதிப்பின் பெரும்பகுதி இந்த அவசரத்தில்தான் இருக்கிறது.

நகத் தட்டு எப்படிப்பட்டது?

நாம் நகம் என்று வெட்டும் கடினமான பகுதியே நகத் தட்டு. கெரட்டின் என்னும் புரதம் நிறைந்த, தட்டையான இறந்த கலங்கள் ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு அது உருவாகிறது. பெண்களின் கைவிரல் நகத்தின் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் மட்டுமே. இறந்த கலங்கள் என்பதால் அதில் ஏற்படும் காயம் தோலில் ஏற்படும் காயத்தைப் போல ஆறாது. கெட்ட பகுதி வளர்ந்து முன்னே வந்து, வெட்டி எறியப்படும் வரை அப்படியே இருக்கும். நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றரே வளர்கிறது.

ஜெல் பூச்சு

நாம் கியூடெக்ஸ் என்று அழைக்கும் சாதாரண நகப்பூச்சு, அதிலுள்ள திரவம் ஆவியாகிப் போவதால் காய்கிறது. ரிமூவரைத் தொட்டுத் துடைத்தால் மீண்டும் கரைந்து விடுகிறது. ஜெல் பூச்சு காய்வதில்லை. விளக்கின் புறஊதாக் கதிர் பட்டதும் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வலை போல இறுகுகின்றன. அதனால் அது எளிதில் கரையாது. அசிட்டோன் பட்டால் ஊதி, சுருங்கி, நகத்தை விட்டுக் கிளம்பும். அதற்கு நேரம் வேண்டும்.

அந்த நேரத்தைக் கொடுக்காமல் ஓரத்தில் கிளம்பிய ஜெல்லைப் பிய்த்து இழுத்தால் என்ன நடக்கும்? நகத்தின் மேல் அடுக்குகள் தமக்குள் பிடித்திருப்பதைவிட ஜெல் அவற்றை இறுக்கமாகப் பிடித்திருக்கும். எனவே உரியும் துண்டின் அடியில் நகத்தின் மேல் அடுக்கும் சேர்ந்து வந்துவிடும். மறுநாள் நகத்தில் தெரியும் சொரசொரப்பான வெள்ளைத் திட்டுகள் அதன் அடையாளம். இவற்றைப் பூஞ்சை நோய் என்று எண்ணி மருந்து பூசுவோர் உண்டு. உரித்த இடத்தில் மட்டும், உரித்த உடனேயே தோன்றி, நகம் வளர வளர முன்னே நகர்ந்து செல்லும் திட்டு பெரும்பாலும் உரிந்த காயமே.

கழற்றும் முறை

சனிக்கிழமை ஜெல் பூசிக்கொண்ட மணப்பெண் ஒருவர் திங்கட்கிழமை அதை அகற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குத் தேவை சுத்தமான அசிட்டோன், பஞ்சு, அலுமினியத் தாள், அரம், மரக்குச்சி, வாசலின் ஆகியவை. அசிட்டோன் இல்லாத ரிமூவர் சாதாரணப் பூச்சுக்குப் போதும். ஜெல்லை அது அசைக்காது, சுரண்டத்தான் வைக்கும்.

முதலில் ஜெல்லின் மேற்பரப்பிலுள்ள பளபளப்பு போகும் அளவுக்கு மாத்திரம் அரத்தால் தேய்க்க வேண்டும். நகம் தெரியும் வரை தேய்த்தால் நகமே மெலிந்துவிடும். நகத்தைச் சுற்றியுள்ள தோலில் வாசலின் தடவி, நக அளவுக்கு வெட்டிய பஞ்சை அசிட்டோனில் நனைத்து நகத்தின் மேல் வைத்து, அலுமினியத் தாளால் விரலைச் சுற்ற வேண்டும். 10 முதல் 15 நிமிடங்கள் பொறுத்து ஒரு விரலை மட்டும் திறந்து பார்க்கலாம். ஜெல் சுருங்கி உதிர்ந்தால் மரக்குச்சியால் மெதுவாகத் தள்ளினாலே வரும். வராவிட்டால் சுரண்டாமல் புதிதாக நனைத்து இன்னும் 5 நிமிடங்கள் சுற்றி வைக்க வேண்டும். பத்து விரல்களுக்கும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகலாம்; அதைக் கணக்கில் எடுத்து முன்கூட்டியே தொடங்க வேண்டும். அசிட்டோன் இலகுவில் தீப்பற்றும். அடுப்பு, நுளம்புச் சுருள் அருகே வேண்டாம். யன்னலைத் திறந்து வைக்க வேண்டும்.

நிறம் போய்விட்டால் முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அடியில் பூசப்படும் முதல் படை நிறமற்றது. கையைக் கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தால், அது எஞ்சியுள்ள இடம் கண்ணாடி போல் மினுங்கும். சுத்தமான நகம் மங்கலாகத் தெரியும். மினுங்கும் இடத்துக்கு மட்டும் மீண்டும் பஞ்சு வைக்கலாம்.

அசிட்டோன் நகத்தின் புரதத்தைக் கரைப்பதில்லை. அதிலுள்ள எண்ணெய்ப் பசையையும் ஈரத்தையும் இழுத்துவிடுகிறது. அதனால் நகம் சுண்ணாம்பு பூசியது போல் வெளிறித் தெரியும். கை கழுவி, தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவினால் இந்த வெளிறல் சீக்கிரம் மறைந்துவிடும். உரிந்த திட்டு எண்ணெயால் மறையாது. இந்த வித்தியாசத்தைக் கொண்டே எது அசிட்டோனின் வேலை, எது சுரண்டலின் வேலை என்று அறிந்துகொள்ளலாம்.

ஒட்டு நகம்

குறுகிய நேரத்துக்கு இரண்டு பக்கமும் ஒட்டும் ஸ்டிக்கரால் பொருத்தப்படும் ஒட்டு நகமே இலகுவானது. இளஞ்சூடான சவர்க்கார நீரில் சில துளி எண்ணெய் விட்டு, விரல்களை 10 முதல் 15 நிமிடங்கள் ஊறவைத்து, பக்கவாட்டிலிருந்து மெதுவாக அசைத்தால் கழன்றுவிடும். பசையால் ஒட்டியது அப்படியல்ல. அது சுப்பர் குளூ வகையைச் சேர்ந்தது. ஊறவைத்தும் அசையாவிட்டால் அதற்கும் அசிட்டோன் பஞ்சுதான் வழி.

இங்கே வேறு இரண்டு ஆபத்துகள் உண்டு. நீளமான ஒட்டு நகம் எங்காவது மாட்டினால் நெம்புகோல் போல இயங்கி, நகத்தை அடியிலுள்ள சதையிலிருந்து கிளப்பிவிடும். நுனியிலுள்ள வெள்ளைப் பகுதி பின்னோக்கிப் பரவுவதாகத் தெரிந்தால் அதுவே அடையாளம். அடுத்தது, ஓரம் கிளம்பிய ஒட்டு நகத்தின் கீழே நீர் தேங்குவது. அந்த ஈரத்தில் சூடோமோனாஸ் என்னும் பக்டீரியா வளர்ந்தால் நகம் பச்சை நிறமாகும். கிளம்பிய நகத்தை மேலும் பசை விட்டு அமுக்காமல் உடனே கழற்றி உலர விட வேண்டும். பச்சை நிறம், வீக்கம், வலி, சீழ் ஆகியவற்றில் எது இருந்தாலும் அதன்மேல் பூச்சால் மறைக்காமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

உரிந்த நகத்துக்கு எவ்வளவு காலம்?

நகத்தின் நடுவில் உரிந்த ஒரு திட்டு நுனியை அடைய 6 மில்லிமீற்றர் தூரம் இருந்தால், அது வெட்டப்பட இரண்டு மாதங்கள் ஆகும். அடி வரை உரிந்திருந்தால் நான்கு முதல் ஆறு மாதங்கள். அதுவரை நகத்தைக் கட்டையாக வெட்டி, பாத்திரம் கழுவும்போது கையுறை அணிந்து, இரவில் எண்ணெய் தடவி வர வேண்டும். மெலிந்த நகத்தை மறைக்க மீண்டும் ஜெல் பூசினால், அடுத்த முறை கழற்றும்போது இழப்பதற்கு அங்கே அடுக்குகள் குறைவாகவே இருக்கும்.