விழுப்புரத்துக்கு 147, திண்டிவனத்துக்கு 117

விழுப்புரத்தில் ஒரு மளிகை மொத்த வியாபாரம், திண்டிவனத்தில் ஒன்று. இடையில் 40 கிலோமீட்டர்கூட இல்லை. இரண்டிலும் ஒரு லிட்டர் பாக்கெட் 10 கொண்ட எண்ணெய்ப் பெட்டி நாளுக்குச் சராசரியாக 20 போகிறது; ஆர்டர் சொன்னால் சரக்கு வரச் சராசரியாக 4 நாள். கணக்கு விளங்குவதற்காக எண்களை நானே வைக்கிறேன். ஆனால் இந்த இரண்டு வகைக் கடைகளும் இந்தப் பக்கத்தில் எவருக்கும் பழக்கமானவைதான்.

விழுப்புரத்துக் கடைக்கு ஓட்டல்களும் சில்லறைக் கடைகளும் வாடிக்கை. விற்பனை ஒரே சீர். நாளுக்கு நாள் 4 பெட்டிதான் கூடக் குறைய. திண்டிவனத்தில் கிராமத்து வியாபாரிகள் நினைத்த நாளில் வந்து அள்ளிப் போவார்கள். அங்கே ஏற்ற இறக்கம் 10 பெட்டி. எந்தக் கடை அதிகம் கையிருப்பு வைக்க வேண்டும் என்று கேட்டால், பத்துப் பேரில் ஒன்பது பேர் திண்டிவனம் என்பார்கள். நானும் முன்பு அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

சரக்கு வரும் பக்கத்தையும் பார்க்க வேண்டும். திண்டிவனத்துக்கு அனுப்புகிறவர் லோடு நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் வண்டியைக் கிளப்பிவிடுவார். அரை நாள் முன்பின் ஆனால் அதிகம். விழுப்புரத்துக்கு அனுப்புகிறவர் லாரி நிறையும்வரை காத்திருப்பவர். அந்தக் கடையின் கடைசிப் பத்து ஆர்டர்கள் வந்து சேர்ந்த நாட்கள் இவை என்று வைத்துக்கொள்வோம்: 2, 2, 3, 3, 3, 3, 4, 5, 7, 8. பத்தில் ஆறு, மூன்று நாளுக்குள் வந்துவிட்டதால் முதலாளி மனதில் 'மூணு நாள்' என்றே பதிந்திருக்கும். சராசரி 4. சராசரியிலிருந்து சிதறும் அளவு, அதாவது திட்ட விலக்கம், ஏறக்குறைய 2 நாள்.

காப்பிருப்புக்கான சூத்திரம் விற்பனையின் சிதறலையும் வரவின் சிதறலையும் ஒன்றாகச் சேர்க்கிறது. எக்செல்லில் விழுப்புரத்துக்கு இப்படி அடிக்கலாம்:

```
=1.65*SQRT(4*4^2 + 20^2*2^2)
```

நூறு தடவை ஆர்டர் போட்டால் 95 தடவை சரக்குத் தீராமல் இருக்க வேண்டும் என்பதற்கான எண் 1.65. அடைப்புக்குள் முதல் பகுதி விற்பனையுடையது, 64. இரண்டாவது வரவுடையது, 1,600. விடை 67 பெட்டி. அதோடு நான்கு நாள் விற்பனையான 80-ஐக் கூட்டினால் 147. கையில் இருப்பதும் வழியில் வருவதும் சேர்ந்து 147-க்கு இறங்கிய அன்றே ஆர்டர் போட வேண்டும்.

திண்டிவனத்துக்கு விற்பனைப் பகுதி 400, வரவுப் பகுதி 100. காப்பிருப்பு 37, ஆர்டர் அளவு 117. விற்பனை தாறுமாறாக இருக்கும் கடைக்கு 30 பெட்டி குறைவாகவே போதும்!

விழுப்புரத்துக்காரர் விற்பனையின் ஏற்ற இறக்கத்தைப் பாதியாக்கிவிட்டார் என்றே வைப்போம். காப்பிருப்பு 67-லிருந்து 66 ஆகும், அவ்வளவுதான். அனுப்புகிறவரிடம் பேசி, வரவின் சிதறலை 2 நாளிலிருந்து 1 நாளாக்கினால் 36 போதும். பெட்டி 1,400 ரூபாய் என்றால் 43,400 ரூபாய் குடோனில் முடங்காமல் கைக்கு வரும். விலையில் இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவதைவிட, 'லோடு நிறையாவிட்டாலும் ஐந்தாம் நாள் அனுப்பிவிடுங்கள்' என்று பேசுவது இந்தக் கடைக்கு லாபம்.

எண்களை எடுக்கும்போது இரண்டு இடத்தில் சறுக்கும். வரவு நாளைப் பில் தேதியிலிருந்து எண்ணக் கூடாது. போனில் ஆர்டர் சொன்ன நாள் தொடங்கி, பெட்டி குடோனில் இறங்கிய நாள்வரை எண்ண வேண்டும். சரக்கு இல்லாமல் விற்பனை பூஜ்யமான நாட்களைச் சராசரியில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் தேவை குறைவு என்று கணக்குப் பொய் சொல்லும். பொங்கல், முகூர்த்தக் கூட்டம் முன்கூட்டியே தெரிந்தது. அதற்குத் தனி ஆர்டர்தான் சரி.

147-ஐ மேலே சொன்ன பத்து ஆர்டரிலேயே ஓட்டிப் பாருங்கள். நாளுக்கு 20 வீதம் ஏழு நாளுக்கு 140 வேண்டும், தாங்கும். எட்டு நாள் ஆன ஆர்டருக்கு 160 வேண்டும். 13 பெட்டி துண்டு விழும். சூத்திரம் சிதறல் இரு பக்கமும் சமமாக இருப்பதாக நம்புகிறது. லாரியோ முன்னால் இரண்டு நாள்தான் வரும், பின்னால் எத்தனை நாளும் போகும். பழைய ஆர்டர்களில் மிகத் தாமதமானதை வைத்து இப்படி ஒரு தடவை சோதித்த பிறகே எண்ணை முடிவு செய்ய வேண்டும்.

கணக்கில் சேர்க்கக் கூடாத தாமதமும் உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மயிலத்தில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டி, ரயில்கள் நின்றன. அந்த வாரத்துத் தாமதத்தைச் சராசரியில் சேர்த்தால் ஆண்டு முழுக்க வீணாகச் சரக்குத் தூங்கும். அதை நீக்கிவிட்டு, புயல் எச்சரிக்கை வந்த அன்று இருப்பு 147-க்கு மேலே இருந்தாலும் ஒரு ஆர்டர் போட்டுவிடலாம். எண்ணெய் பாக்கெட் ஒரு மாதத்தில் கெட்டுப்போகும் பண்டமல்ல.