மாந்தை மணியின் சிவப்பு: பழங்காலக் கண்ணாடி உலைகள் எப்படி வேலை செய்தன?

கண்டி மஹய்யாவவில் நான் தங்கியிருக்கும் வீட்டுக்குக் கீழே பழைய போத்தல் வாங்கும் கடை ஒன்று இருக்கிறது. அங்கு வேலை செய்யும் அண்ணை பச்சை, மண்ணிறம், வெள்ளை என்று போத்தல்களைத் தனித்தனிச் சாக்குகளில் போடுவார். ஏன் பிரிக்கிறீர்கள் என்று கேட்டேன். "கலந்து உருக்கினால் வெள்ளை வராது தம்பி" என்றார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் மாந்தையில் உலைக்கு முன்னால் நின்றவர்களும் இதே சிக்கலோடுதான் மல்லுக்கட்டினார்கள்.

மன்னாரில் திருக்கேதீச்சரம் கோயிலைச் சுற்றியிருக்கும் மேடுதான் பழைய மாந்தைத் துறைமுகம். 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் அங்கு அகழ்ந்தனர். போரால் வேலை நின்றது. முழு அறிக்கை 2013இல்தான் நூலாக வந்தது. அங்கு கிடைத்தவற்றுள் சிறிய கண்ணாடி மணிகள் முக்கியமானவை.

கண்ணாடியின் மூலப்பொருள் மணல். மணல் தனியாக உருக ஏறத்தாழ 1,700 பாகை செல்சியஸ் வேண்டும். விறகு உலையில் அந்தச் சூடு வராது. சோடா சேர்த்தால் 1,000 முதல் 1,100 பாகையிலேயே உருகிவிடும். மத்தியதரைக் கடல் பக்கத்தவர்களுக்கு எகிப்தின் ஏரிகளில் சோடா கிடைத்தது. தென்னாசியாவிலோ வறண்ட நிலத்தில் வெள்ளையாகப் பூக்கும் உவர்மண்ணே பயன்பட்டது. எங்கள் பக்கத்துக் கண்ணாடியில் அலுமினாவும் கூடுதலாக இருக்கிறது. ஒரு மணி எங்கே உருக்கிய கண்ணாடியில் செய்யப்பட்டது என்பதை ஆய்வாளர்கள் இதைக் கொண்டே பிரித்தறிகிறார்கள். குருநாகல் மாவட்டத்துக் கிரிபாவவில் கண்ணாடி உருக்கிய உலைகளின் எச்சங்கள் கிடைத்துள்ளன.

உலைகள் இரண்டு வகை. ஒன்று மணலையும் சோடாவையும் தொட்டி போன்ற பள்ளத்தில் நாள்கணக்கில் உருக்கிப் பெரிய பாளமாக்குவது. மற்றது அந்தப் பாளத்தை உடைத்து, சிறு உலையில் மீண்டும் இளக்கிப் பொருளாக்குவது. முதல் வேலை பிழைத்தால் நட்டம் பெரிது. இஸ்ரேலின் பெத் ஷெஆரிம் குகையில் ஏறத்தாழ 9 தொன் எடையுள்ள பாளம் ஒன்று இன்றும் கிடக்கிறது. அதில் சுண்ணாம்பு அதிகம். அந்தச் சூடு அதற்குப் போதவில்லை. ஒளி புகாத கல்லாக இறுகிப்போனதால் அதை அப்படியே கைவிட்டார்கள்.

நிறத்துக்கு வருவோம். மணலில் இயல்பாக உள்ள இரும்பே கண்ணாடிக்குப் பச்சைச் சாயல் தருகிறது. மங்கனீசு சிறிது சேர்த்தால் அந்தச் சாயல் மறையும், கூடினால் ஊதாவாகும். கோபால்ட் மிகச் சிறிதளவே கடும் நீலம் தரும். ஆனால் செம்பின் நிறத்தைத் தீர்மானிப்பது உலையின் காற்று. காற்றோட்டம் நன்றாக இருந்தால் அதே செம்பு நீலப்பச்சை தரும். காற்றை அடக்கி, புகை நிறைந்த நெருப்பில் வைத்தால் நுண்ணிய செம்புத் துகள்கள் பிரிந்து, ஒளி புகாத சிவப்பு வரும். சூளையில் புகை போட்டுக் கரும்பானை சுடுவது போன்ற கைப்பழக்கம் இது. சிறிது காற்று கசிந்தாலும் சிவப்பில் பச்சையோ கருமையோ கோடிடும். அந்தக் காலத்து மணிகளில் இந்தச் செங்கல் சிவப்பு நிறையவே கிடைக்கிறது. அதைச் செய்தவர்களின் கை எவ்வளவு தேர்ந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஊதிச் செய்யும் முறை கி.மு. முதலாம் நூற்றாண்டில் சிரியா-பாலஸ்தீனப் பகுதியில் தோன்றியது. எருசலேமில் கிடைத்த கழிவுகளைப் பார்த்தால், முதலில் கண்ணாடிக் குழாயின் ஒரு முனையை மூடி மறுமுனையால் ஊதியிருக்கிறார்கள். பிறகு இரும்பு ஊதுகுழல் வந்தது. அதன் நுனியில் இளகிய கண்ணாடியை அள்ளி, தட்டைக் கல்லில் உருட்டிச் சமப்படுத்தி, ஊதி, மீண்டும் சூடாக்கி, மீண்டும் ஊதுவார்கள். வாயை ஒழுங்காக்க, அடிப்பகுதியில் வேறொரு கம்பியை ஒட்டிக்கொண்டு குழலைப் பிரிப்பார்கள். முடிந்த பாத்திரத்தை மெதுவாக ஆறவிட வேண்டும். வெளியே வைத்தால் உள்ளும் புறமும் வேறு வேகத்தில் சுருங்கி வெடித்துவிடும்.

தென்னாசியாவின் மணி செய்பவர்கள் ஊதவில்லை, இழுத்தார்கள். ஆந்திராவின் பாப்பநாயுடுபேட்டையில் தொடர்ந்துவந்த முறையில், இளகிய கண்ணாடித் திரளின் நடுவே கம்பியால் துளையிட்டு, ஒரு முனையைக் கொக்கியால் பிடித்து நீண்ட மெல்லிய குழாயாக இழுப்பார்கள். அதைத் துண்டுகளாக வெட்டி, சாம்பலோடு கலந்து மீண்டும் சூடாக்கினால் கூர் விளிம்புகள் மழுங்கி மணியாகும். துளை அடையாமல் காப்பது சாம்பல்.

இரண்டையும் லென்ஸ் வைத்தே பிரித்தறியலாம். இழுத்த மணியில் காற்றுக் குமிழிகள் துளைக்கு இணையாக நீண்டிருக்கும். ஊதிய பாத்திரத்தின் அடியில் பெரும்பாலும் கம்பி ஒட்டிய வடு இருக்கும்.

மழைக்குப் பின் மாந்தைப் பக்கம் மணி ஒன்று கண்ணில் பட்டால் எடுக்க வேண்டாம். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, தொல்லியல் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். எந்த மண்படையில், எதனோடு கிடந்தது என்பதுதான் அதன் வயதைச் சொல்லும். போர் ஒருமுறை அந்த மண்ணைப் படிக்கும் வேலையை நிறுத்தியது. மீதியை நம் சட்டைப்பையில் தொலைத்துவிடக் கூடாது.