தலைக்கணக்கில் தவறிப்போகும் பாடசாலைகள்

வவுனியா நகரிலிருந்து மன்னார் வீதியில் சில கிலோமீற்றர் போனால் நெளுக்குளம். பேருந்து வசதி இருப்பதால் ஆசிரியர்கள் விரும்பி வரக்கூடிய இடம். அதே மாவட்டத்தின் வடக்கு வலயத்தில், நெடுங்கேணியையும் தாண்டி உள்ளே இருக்கும் பாடசாலையின் நிலை வேறு. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளப்பது சமத்துவம். குறை எங்கே கூடுதலோ அங்கே கூடுதலாகக் கொடுப்பது ஒப்புரவு.

இலங்கையில் 1980இல் தொடங்கிய இலவசப் பாடநூலும் 1993இல் தொடங்கிய இலவசச் சீருடையும் சமத்துவ ஏற்பாடுகள். கொழும்புப் பிள்ளைக்கும் வன்னிப் பிள்ளைக்கும் ஒன்றுதான். இதில் பிழையில்லை. புத்தகம் தலைக்கு ஒன்று போதும்.

ஆசிரியரை அப்படிப் பங்கிட முடியாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தரம் 1 முதல் 5 வரை உள்ள சிறு பாடசாலையில் 60 பிள்ளைகள் என்று வையுங்கள். 30 பேருக்கு ஓர் ஆசிரியர் என்றால் கிடைப்பது இருவர். வகுப்புகளோ ஐந்து. ஒருவர் மூன்று வகுப்புகளை ஒன்றாக வைத்திருக்க வேண்டும். அவர் லீவு போட்டால் ஐந்தும் மற்றவர் தலையில். 600 பிள்ளைகள் உள்ள பாடசாலைக்கு அதே விகிதத்தில் 20 பேர் கிடைப்பார்கள், வகுப்புக்கு ஒருவர் தாராளமாக வரும். விகிதம் ஒன்றுதான், படிப்பு ஒன்றல்ல. ஆகவே சிறு பாடசாலைக்கு மாணவர் தொகையைப் பார்க்காமல் வகுப்புகளைப் பார்த்து ஒரு குறைந்தபட்ச ஆளணி வேண்டும். கல்விச் செலவில் பெரும்பங்கு ஆசிரியர் சம்பளம் என்பதால், வளப்பங்கீடு உண்மையில் தீர்மானமாவது இங்கேதான்.

கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவு இதற்கான இலக்கு உதவிகளில் ஒன்று. ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து போகும் ஆசிரியருக்குப் பேருந்துச் செலவும் விடுதியில்லாத சிரமமும் அதைவிடப் பெரிதாக இருந்தால், முதல் வாய்ப்பிலேயே இடமாற்றம் கேட்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை; தங்குமிடம் கட்டிக் கொடுப்பது சில இடங்களில் கொடுப்பனவைவிடக் கூடுதலாக உதவும்.

இன்னொரு சிக்கல், கடதாசியில் நிரம்பியிருக்கும் ஆளணி. ஒருவர் இந்தப் பாடசாலைக்கு நியமிக்கப்பட்டு, தற்காலிக இணைப்பில் நகரப் பாடசாலையில் படிப்பிக்கலாம். வலயத்தின் மொத்த எண்ணிக்கை சரியாக இருந்தும் கணிதத்துக்கு ஆளில்லாமல் இருக்கலாம். பெற்றோர் ஆளணிப் பட்டியலைக் கேட்பதோடு நிற்காமல், நேரசூசியில் எந்தப் பாடவேளைகள் வெறுமையாகக் கிடக்கின்றன என்று பிள்ளையிடம் கேட்டால் உண்மை தெரியும்.

இலக்கு வைக்கும்போது கோட்டை எங்கே கீறுவது என்பதும் சிக்கல்தான். 2025 கல்வியாண்டுக்குக் கற்றல் உபகரணங்கள் வாங்க, அஸ்வெசும பெறும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு 6,000 ரூபா வழங்கத் தீர்மானிக்கப்பட்டது. பிறகு, 300க்குக் குறைவான மாணவர்கள் உள்ள பாடசாலைகளில் அந்தப் பட்டியலுக்கு வெளியே இருந்த பிள்ளைகளும் சேர்க்கப்பட்டனர். பட்டியலில் விடுபட்ட ஏழைப் பிள்ளையை இந்த இரண்டாவது வழி பிடித்துக்கொள்கிறது. ஆனால் அதே வறுமையில், 350 பேர் படிக்கும் மீள்குடியேற்றக் கிராமப் பாடசாலைக்குப் போகும் பிள்ளை இரண்டு வழியிலும் அகப்படாது.