ஓசூரும் ஒலிகளின் உறவும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்கு எல்லையில், கருநாடகத்தை ஒட்டி அமைந்திருப்பது ஓசூர். தொழிற்சாலைகள் நிறைந்த இந்நகரத்தில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. கன்னடம் பேசுவோர் இவ்வூரை ‘ஹொசூரு’ என்பர். ‘ஹொச’ என்றால் புதிய. ஆகவே இது நம் புதூரே ஆகும். பழங்கன்னடத்தில் அச்சொல் ‘பொச’ என்று இருந்தது. நம்முடைய ‘புது’ என்பதற்கு உறவான சொல் அது. நம் பால் அவர்களுக்கு ஹாலு, பல், ஹல்லு, புலி, ஹுலி, பத்து, ஹத்து. சொல்லின் முதலில் நின்ற பகரம், ஏறத்தாழப் பத்தாம் நூற்றாண்டு தொடங்கி அடுத்த சில நூற்றாண்டுகளில், கன்னடத்தில் ஹகரமாயிற்று.

இதழ்களை மூடிப் பிறக்கும் பகரம், தொண்டையிலிருந்து வரும் வெறுங்காற்றாக ஏன் மாற வேண்டும்? ககரமாகவோ தகரமாகவோ மாறியிருக்கலாகாதா? இவ்வினாவுக்கு விடை காண, முதலில் நம் இலக்கண வகுப்பிலேயே பழகிய ஒரு புணர்ச்சியைப் பார்ப்போம்.

‘நாம்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதனோடு ‘பெற்றோம்’ சேர்ந்தால் மகரம் அப்படியே நிற்கும். ‘கண்டோம்’ சேர்ந்தால் நாங்கண்டோம். ‘சென்றோம்’ சேர்ந்தால் நாஞ்சென்றோம். ‘தந்தோம்’ சேர்ந்தால் நாந்தந்தோம். வருகின்ற வல்லினம் எதுவோ, அதற்கு இனமான மெல்லினமாக மகரம் திரிகிறது. ககரமும் ஙகரமும் ஓரிடத்தில் பிறப்பன, தகரமும் நகரமும் ஓரிடத்தில் பிறப்பன என்று தொல்காப்பியம் பிறப்பியலில் இணை இணையாக வகுத்து வைத்தது. பவணந்தியார் நன்னூலில் இத்திரிபுக்கு விதி கூறினார். ‘இனம்’ என்னும் அந்த ஒரு சொல்லால் நம் முன்னோர் சிக்கலை எளிதாகத் தீர்த்தனர்.

இருபதாம் நூற்றாண்டின் மேனாட்டு ஒலியியலார்க்கு அது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. ஓர் ஒலி என்பது பிளக்க முடியாத மணியன்று. பல கூறுகள் சேர்ந்த தொகுதி என்று யாக்கப்சன், ஃபாண்ட், ஹாலே ஆகிய மூவரும் 1952இல் விளக்கினர். மூக்கின் வழி காற்றுச் செல்கிறதா என்பது ஒரு கூறு. குரல்நாண்கள் அதிர்கின்றனவா என்பது மற்றொன்று. நாவின் முன்பகுதி எழுகிறதா, பின்பகுதி எழுகிறதா என்பன வேறு சில. 1968இல் சோம்ஸ்கியும் ஹாலேயும் ஆங்கிலத்தின் ஒலியமைப்பைப் பற்றி வெளியிட்ட பெருநூலில் இக்கூறுகளைக் கொண்டே விதிகளை எழுதினர். ஆனால் அந்நூலில் கூறுகள் ஒரு பையிலிட்ட நெல்லிக்காய்களைப் போல ஒழுங்கின்றிக் கிடந்தன. ஆகவே மகரம் ஙகரமாகிறது என்று சொல்ல, முன்நாக் கூறு, பின்நாக் கூறு, நா உயரும் கூறு என்று இடத்திற்குரிய ஒவ்வொன்றையும் தனித்தனியே வல்லினத்திலிருந்து படியெடுக்க வேண்டியதாயிற்று.

இதில் இழப்பு என்ன? படியெடுக்கும் விதி ஒன்றை எழுத முடியுமானால், பின்நாக் கூற்றையும் குரல்நாண் அதிர்வையும் மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடும் விதியையும் அதே எளிமையோடு எழுதிவிடலாம். அத்தகைய கலப்படத் திரிபை உலக மொழிகளில் இயல்பான வழக்காகக் காண்பதில்லை. இடத்திற்குரிய கூறுகள் சேர்ந்தே நகர்வதோ மொழிதோறும் காணப்படுகிறது. எழுதத்தக்கது என்று ஏடு காட்டுவதும், வாய் செய்வதும் வேறாயின.

மலையாள ஒலியமைப்பை ஆராய்ந்த கே. பி. மோகனன் போன்றோர் 1983 அளவில் கூறுகளுக்குள் படிநிலை உண்டு என்று வாதிட்டனர். 1985இல் கிளெமெண்ட்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் அதற்கு ஒரு தெளிவான உருவம் கொடுத்தார். ஒரு மரத்தை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். அடியில் வேர், அவ்வேர்தான் அந்த ஒலி. அதிலிருந்து கிளைகள் பிரிகின்றன. ஒரு கிளையின் கணுவில் குரல்நாண்களின் செயல்கள் தொங்குகின்றன. அதனைக் குரல்வளைக் கணு எனலாம். இன்னொன்று இடக்கணு, இதழ், முன்நா, பின்நா ஆகியவற்றின் செயல்கள் அதில் அடங்கும். இவ்வுறுப்புகளின் வழியே இடக்கணுவைப் பிரித்துக் காட்டியவர், 1986இல் ஆய்வேடு அளித்த எலிசபெத் சேகி என்னும் அம்மையார். கணுவைப் பிடித்து இழுத்தால் அதில் தொங்குவன யாவும் உடன் வரும். ஆகவே நாங்கண்டோம் என்பதில் நிகழ்வது ஒரே செயல்: மகரம் தன் இடக்கணுவை இழக்கிறது, ககரத்தின் இடக்கணு அதனையும் தழுவிக்கொள்கிறது. இரண்டு ஒலிகள், ஓர் இடம். நம் இலக்கணிகளின் ‘இனம்’ இங்கே ஒரு கணுவாக நிற்கிறது.

இவ்விரு கணுக்களும் தனித்தனி என்பதற்குச் சான்று வேண்டுமா? ‘மரங்கள்’ என்று மெல்லச் சொல்லிப் பாருங்கள். தொண்டையில் விரலை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ‘மக்கள்’ என்று சொல்லுங்கள். மக்களின் ககரத்தில் அதிர்வு நின்றுவிடும். மரங்களின் ககரத்தில் அதிர்வு தொடரும். ககரம் தன் இடத்தைப் பின்னே நின்ற மெல்லினத்திற்குத் தந்தது. மெல்லினம் தன் அதிர்வை முன்னே நின்ற ககரத்திற்குத் தந்தது. ஒரே சந்திப்பில் இரண்டு கொடைகள் எதிரெதிர்த் திசையில் நடந்தன. மூக்கொலி மட்டும் இடம் பெயரவில்லை.

இக்கோட்பாடு எல்லாவற்றையும் விளக்கிவிடுவதாக எண்ண வேண்டா. மரம் என்பது மரங்கள் ஆகும்போது, பெண் என்பது ‘பெங்கள்’ ஆவதில்லை. பெண்கள் என்றே நிற்கிறது. எழுத்து வழக்கில் மகரம் இடத்தை எளிதில் விட்டுக்கொடுக்கிறது. நாவால் பிறக்கும் ணகரம் பிடிவாதமாக நிற்கிறது. ஆனால் பேச்சில் அப்பிடிவாதமும் தளர்ந்து, பெண்பிள்ளை என்பது ‘பொம்பளை’ ஆயிற்று. எது சேர்ந்து நகரக்கூடும் என்பதை மரவடிவம் கூறும். எப்போது நகரும் என்பதை அந்தந்த மொழியும் அதன் வழக்குமே கூறவேண்டும்.

இனி, ஓசூருக்குத் திரும்புவோம். பகரத்தின் மரத்திலிருந்து இடக்கணுவை வெட்டி எறியுங்கள். இதழும் போயிற்று, நாவின் வேலையும் இல்லை. எஞ்சுவது குரல்வளைக் கணு ஒன்றே. அதிர்வில்லாமல், வாயில் எங்கும் தடையில்லாமல், குரல்வளையில் மட்டும் பிறக்கும் ஒலி எது? ஹகரம்தான். அதனால்தான் பகரம் ககரத்தையோ தகரத்தையோ நாடவில்லை. அவற்றை அடைய வேறோர் இடத்தைக் கடன் வாங்க வேண்டும்; இங்கோ இழப்பு மட்டுமே நிகழ்ந்தது. இம்மாற்றம் ஒரே நாளில் நடந்திராது. இதழ்கள் சற்றே திறந்து காற்று உராயும் ஓர் இடைநிலை இருந்திருக்கலாம்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. நம் உப்பு கன்னடத்திலும் உப்புதான். அங்கே பகரம் இரட்டித்து நிற்கிறது. ஒரே இடக்கணுவை இரண்டு நிலைகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒற்றைப் பிடியை விடுவித்த மாற்றம் இரட்டைப் பிடியை அசைக்கவில்லை.

கன்னட நாட்டுப்புறப் பேச்சில் பலர் ஹாலு என்பதை ‘ஆலு’ என்று சொல்வதுண்டு. தமிழர் நாவில் ஹொசூரு ‘ஓசூர்’ ஆனபோதும் அதுவே நடந்தது. முதலில் இடக்கணு போயிற்று. பிறகு எஞ்சியிருந்த குரல்வளைக் கணுவும் போயிற்று. இன்று பேருந்தின் பெயர்ப்பலகையில் நாம் படிக்கும் ஓகாரத்தின் முன்னே ஒரு காலத்தில் ஒரு பகரம் இருந்தது.